மொசைக், ரெட் ஆக்சைடு தரை: வெடிப்பது எதனால், ஐம்பது வருஷம் நிற்பது எதனால்

"திருமங்கலம் பக்கம் கரிசல் பூமியில வீடு கட்டுறோம். ஹாலுக்கு (12க்கு 15 அடி) மொசைக், படுக்கை ரூமுக்கு (10க்கு 12) ரெட் ஆக்சைடு போட ஆசை. கொத்தனார் 'இப்பல்லாம் போட்டா வெடிச்சுரும், டைல்ஸ் ஒட்டிருவோம்'ங்கிறார். எங்க தாத்தா வீட்டுத் தரை அம்பது வருஷமா அப்படியே கெடக்கு. அப்ப நின்னது இப்ப ஏன் நிக்காது? எப்படிப் போடணும்?"

உங்கள் கொத்தனார் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அவசர அவசரமாகப் போட்ட ஆக்சைடு தரை வெடிக்கத்தான் செய்கிறது. ஆனால் வெடிப்புக்கு முக்கியக் காரணம் சிமெண்டோ காவியோ அல்ல. முக்கியமாக மாறியது இரண்டு. ஒன்று, அடிக்கலவை பச்சையாக இருக்கும்போதே மேல்பூச்சைப் போடும் பழக்கம் போய்விட்டது. இரண்டு, தண்ணீர் கட்டி நிறுத்தும் நாட்கள் குறைந்துவிட்டன. பழைய தரையில் அடியும் மேலும் ஒரே கல்லாக இறுகியிருக்கும். இப்போது பல இடங்களில் அடித்தளத்தைப் போட்டுக் காயவிட்டு, பத்து நாள் கழித்து அதன் மேல் மெல்லிய ஆக்சைடு பூச்சைத் தடவுகிறார்கள். அந்தப் பூச்சு காயும்போது சுருங்கும். ஏற்கெனவே சுருங்கி முடிந்த அடித்தளம் கூடவே சுருங்காது. அப்போது வெடிக்காமல் வேறு வழியில்லை.

ஆனால் உங்கள் விஷயத்தில் தரைக்கு முன்னால் மண்ணைப் பார்க்க வேண்டும். கரிசல் மழையில் ஊதும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். அஸ்திவாரத்துக்குத் தோண்டிய மண்ணையே பேஸ்மெண்டுக்குள் தள்ளி நிரப்புவது நம் பக்கத்தில் நடக்கிற பெரிய தவறு. அப்படி நிரப்பிய வீட்டில் மொசைக், டைல்ஸ், கிரானைட் எதைப் போட்டாலும் நடுவில் தூக்கும். அந்த மண்ணை வெளியே எடுத்துவிட்டு கிராவல் மண் அடியுங்கள். ஒரே நாளில் மூன்றடி கொட்டி மேலே தண்ணீர் விட்டால் மேல் அரையடிதான் இறுகும். அரையடி கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இறுக்கி, பிறகு அடுத்த அரையடி என்று ஏற வேண்டும். அதன் மேல் நாலு அங்குலத்துக்கு சிமெண்ட், மணல், ஜல்லி 1:4:8 கான்கிரீட், ஒன்றரை அங்குல ஜல்லியில். இந்தக் கான்கிரீட்டை வழவழவென்று தேய்த்து முடிக்க விடாதீர்கள். ஜல்லி முனை தெரிகிற மாதிரி சொரசொரப்பாக இருந்தால்தான் மேலே வருவது பிடிக்கும். ஒரு வாரம் தண்ணீர் நிற்கட்டும்.

இனி படுக்கை ரூம். முதல் நாள் மாலையே கான்கிரீட்டைக் கழுவி ஊறவிடுங்கள். காலையில் ஈரம் இருக்க வேண்டும், தேங்கிய தண்ணீர் இருக்கக் கூடாது. சிமெண்ட் பால் கரைத்துத் துடைப்பத்தால் இழுத்து, அது காய்வதற்குள் ஒன்றுக்கு மூன்று சிமெண்ட் மணல் கலவையை ஓரங்குல கனத்துக்குப் போட வேண்டும். 120 சதுர அடிக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் மூட்டை சிமெண்டும் பத்து கன அடி மணலும் பிடிக்கும். கலவை கெட்டியாக, கையில் பிடித்தால் உருண்டை நிற்கிற பதத்தில் இருந்தால் போதும். மட்டக்கம்பால் இழுத்து, மணியாஸ் கட்டையால் தேய்த்து அப்படியே விட்டுவிட வேண்டும். இந்த நிலையில் இரும்புக் கரண்டி தொடக் கூடாது.

அடுத்து வரும் ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில்தான் தரையின் ஆயுள் முடிவாகிறது. கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். விரல் புதைந்தால் இன்னும் நேரம் வரவில்லை. தடம் விழாவிட்டால் நேரம் தப்பிவிட்டது. லேசான தடம் விழுந்து, விரலில் சாந்து ஒட்டாமல் வந்தால் அதுதான் நேரம். அப்போது வண்ணப் பூச்சை இரண்டு மில்லிமீட்டர் கனத்துக்கு இழுக்க வேண்டும். வெயில் நாளில் இந்த நேரம் நாற்பது நிமிடத்தில்கூட வந்துவிடும், அதனால் கடிகாரத்தை நம்பாமல் விரலை நம்ப வேண்டும்.

வண்ணப் பூச்சில் மணல் கிடையாது. சிமெண்டும் ஆக்சைடும் மட்டும். உங்கள் ரூமுக்கும் அதன் சுவரோரப் பட்டிக்கும் சேர்த்து 40 கிலோ சிமெண்டுக்கு 4 கிலோ ஆக்சைடு போதும். சிமெண்ட் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நிறப்பொடி போகக் கூடாது. பல கொத்தனார்கள் மூன்று பங்கு சிமெண்டுக்கு ஒரு பங்கு ஆக்சைடு போடுவார்கள். கடைப் பொடியில் சுண்ணாம்புக்கல் தூள் கலப்படம் இருந்தால் அவ்வளவு போட்டால்தான் நிறமே வரும். ஆனால் நிறப்பொடி இறுகும் பொருள் அல்ல, அது சிமெண்டுக்கு இடையில் புகுந்து நிற்கிற தூள். கூடுதலாகப் போட்டால் தண்ணீரை அதிகம் குடிக்கும், பூச்சு பலவீனமாகும், வருஷக் கணக்கில் காலில் சிவப்பு ஒட்டிக்கொண்டே இருக்கும். வாங்கும்போது ஒரு சிட்டிகை பொடியில் எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக்கல் தூள் கலந்திருக்கிறது. நல்ல இரும்பு ஆக்சைடு நுரைக்காது.

சிமெண்டையும் ஆக்சைடையும் உலர்ந்த நிலையிலேயே கலந்து, மெல்லிய சல்லடையில் மூன்று தரம் சலித்து, ரூம் முழுவதுக்குமான பொடியை ஒரே தடவையில் தயார் செய்து மூடி வையுங்கள். பாதியில் மறுபடி கலந்தால் இரண்டு பாதியும் இரண்டு சிவப்பாக நிற்கும், பிறகு எதைக் கொண்டும் அதைச் சரிசெய்ய முடியாது. தண்ணீரை மட்டும் தேவைக்கேற்பக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் ஒவ்வொரு சட்டிக்கும் அளந்து ஒரே அளவு. தண்ணீர் கூடிய இடம் வெளிறியும், குறைந்த இடம் கறுத்தும் தெரியும்.

பூசிய பின் இரும்புக் கரண்டி வேலை. முதல் தடவை அழுத்தி இழுத்துப் பரப்புவது. மேலே மினுக்குகிற நீர் அடங்கும் வரை காத்திருந்து இரண்டாவது தடவை. கரண்டி உரசும்போது ஓசை வரத் தொடங்கியதும் மூன்றாவது, நான்காவது. அந்தக் கடைசித் தேய்ப்பில்தான் கண்ணாடி மாதிரி பளபளப்பு வரும். மெழுகோ வார்னிஷோ இல்லாமல், மேல் தோல் நெருக்கி அடைபடுவதால் வருகிற பளபளப்பு அது. மதியத்துக்குள் முடிகிற வேலை அல்ல. கை தேர்ந்த இரண்டு கொத்தனார்கள் மாற்றி மாற்றி மாலை வரை முட்டி போட்டு வேலை செய்ய வேண்டியிருக்கும். நீர் மேலே நிற்கும்போது பொறுமையில்லாமல் உலர்ந்த சிமெண்டைத் தூவி அதை உறிஞ்ச வைப்பார்கள் சிலர். கூடவே நின்று அதைத் தடுங்கள். சிலந்தி வலை மாதிரி நுண்வெடிப்பு வருவதற்கு முதல் காரணம் அந்தத் தூவல்தான். இரண்டாவது காரணம் திறந்து கிடக்கும் ஜன்னல். கதவு, ஜன்னல் நிலைகளைச் சாக்கால் மறைத்துக் காற்றையும் வெயிலையும் நிறுத்திவிட்டுத்தான் வேலையையே தொடங்க வேண்டும். சித்திரை, வைகாசியில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். மார்கழி, தை நல்ல மாதங்கள்.

பூச்சு இன்னும் இளகலாக இருக்கும்போதே நூல் பிடித்து நாலடிக்கு ஒரு கோடு கீறிவிடச் சொல்லுங்கள். பழைய வீடுகளில் இந்தக் கட்டம் அழகுக்காக மட்டும் போட்டதில்லை. தரை சுருங்கினால் வெடிப்பு அந்தக் கோட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். பின்னால் ஒரு இடம் கெட்டாலும் ஒரு கட்டத்தை மட்டும் வெட்டிப் புதிதாகப் போடலாம். நிறம் முழுக்கப் பொருந்தாது என்றாலும், கட்டமாக இருந்தால் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியாது.

மறுநாள் காலை, ஓரத்தில் களிமண் வரப்பு கட்டி, இரண்டு அங்குலத் தண்ணீரை மெதுவாக விட்டுப் பத்து நாள் நிறுத்துங்கள். ஈரச் சாக்கு போடாதீர்கள், சாக்கின் நெசவு அப்படியே கறையாகப் பதியும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கலவைக்கும் இந்தத் தேக்கத்துக்கும் நல்ல தண்ணீர் வாங்குங்கள். உப்புத் தண்ணீர் தரைக்குள் போய்விட்டால் ஒவ்வொரு கோடையிலும் வெள்ளையாகப் பூத்து வெளியே வரும். பத்து நாள் கழித்து ஒரு நாணயத்தால் கட்டம் கட்டமாகத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் பிடித்திருக்கிறது. பொக்கென்று சத்தம் வந்தால் அந்த இடம் அடியோடு ஒட்டவில்லை. அதை வீட்டுக்குக் குடிபோவதற்கு முன்னாலேயே வெட்டிவிடுவது நல்லது, ஏனென்றால் அது கட்டில் காலுக்கடியில் ஒரு நாள் உடையும்.

நிறத்தைப் பற்றி ஒன்று. சிவப்பு ஆக்சைடு என்பது துருவேதான். இனிமேல் துருப்பிடிக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை, அதனால் வெயிலும் சிமெண்டின் காரமும் அதை ஒன்றும் செய்வதில்லை. மஞ்சளும் கறுப்பும் இரும்பு ஆக்சைடாக இருந்தால் அதே உறுதி. மஞ்சளுக்கும் வெளிர்பச்சைக்கும் வெள்ளைச் சிமெண்ட் வேண்டும், சாம்பல் சிமெண்டில் அழுக்காகத் தெரியும். குரோமியம் ஆக்சைடு பச்சை நிற்கும், ஆனால் விலை அதிகம். மலிவாகக் கிடைக்கும் பச்சையும் நீலமும் பெரும்பாலும் சிமெண்டின் காரத்தில் மங்கிப் போகிறவை. உங்கள் முதல் தரை இது என்பதால் சிவப்பிலேயே நில்லுங்கள்.

ஹாலுக்கு மொசைக். இதில் பளபளப்பு கரண்டியில் வருவதில்லை, அரைப்பதில் வருகிறது. கல்லையும் சிமெண்டையும் சேர்த்துப் போட்டு, இறுகிய பின் மேல் தோலை அரைத்து எடுத்து, உள்ளே இருக்கும் கல்லின் வெட்டு முகத்தைக் காட்டுவதுதான் மொசைக். சிமெண்ட் பூச்சில் மிகப் பலவீனமானது மேலே மிதந்து வரும் மெல்லிய பால்தோல். மொசைக்கில் அந்தத் தோல் முதல் அரைப்பிலேயே போய்விடுகிறது. ஆக்சைடு தரையைவிட இது கடினமான உபயோகத்தைத் தாங்குவதற்கு அது ஒரு காரணம்.

மொத்தக் கனம் 40 மில்லிமீட்டர். அடியில் 31 மில்லிமீட்டருக்கு 1:2:4 சிறு ஜல்லிக் கான்கிரீட், மேலே 9 மில்லிமீட்டர் மார்பிள் சிப்ஸ் கலவை. கதவு நிலையின் உயரத்தை இப்போதே இதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கண்ணாடிப் பட்டையால் கட்டம் கட்ட வேண்டும். 4 மில்லிமீட்டர் கண்ணாடி, 40 மில்லிமீட்டர் உயரம். இந்திய தர நிர்ணயமும் பொதுப்பணித் துறை முறையும் வீட்டுக்குள் ஒரு கட்டம் இரண்டு சதுர மீட்டரைத் தாண்டக் கூடாது என்கின்றன. உங்கள் ஹாலை மூன்றுக்கு மூன்றடியாகப் பிரித்தால் சரியாக இருபது கட்டம் வரும், 93 அடி கண்ணாடி வேண்டும். கண்ணாடியின் மேல் விளிம்புதான் தரையின் மட்டம், எனவே ரசமட்டம் வைத்து அதைப் பார்க்கும்போது அவசரம் கூடாது.

அடிக்கான்கிரீட்டைப் போட்டு, மேல்பக்கம் சொரசொரப்பாக விட்டு, மறுநாள், அதாவது 18 முதல் 24 மணி நேரத்துக்குள், சிப்ஸ் கலவையைப் போட வேண்டும். இங்கேயும் பச்சை மேல் பச்சை என்கிற அதே கணக்குதான். கொஞ்சம் இறுகவிடுவது, அடியிலிருந்து சாம்பல் சிமெண்ட் மேலே ஏறி நிறத்தைக் கெடுக்காமல் இருப்பதற்கு. கலவைக்கு மூன்று பங்கு சிமெண்ட், ஒரு பங்கு மார்பிள் பவுடர், எடைக் கணக்கில். அந்தத் தூளில் நாலு சட்டிக்கு ஏழு சட்டி சிப்ஸ், கொள்ளளவுக் கணக்கில். உங்கள் 180 சதுர அடிக்கு, அரைத்துப் போகும் கனத்தையும் சேதாரத்தையும் சேர்த்து, சிப்ஸ் 250 கிலோ, சிமெண்ட் இரண்டு மூட்டைக்குச் சற்றுக் கூட, மார்பிள் பவுடர் 35 கிலோ வாங்கி வையுங்கள். 9 மில்லிமீட்டர் கனத்துக்கு 4 முதல் 7 மில்லிமீட்டர் சிப்ஸ் சரியாக இருக்கும். அதைவிடப் பெரிய கல்லை இந்தக் கனத்தில் புதைத்தால் பாதிக் கல் தரையை விட்டுப் பெயர்ந்து குழி விழும்.

கலவையைப் போடுவதற்குச் சற்று முன் சிமெண்ட் பால் அடித்து, கலவையைக் கண்ணாடி விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் மேலே நிற்கும்படி பரப்பி, உருளையால் உருட்டி அழுத்துவார்கள். மேலே ஏறி வரும் சிமெண்ட் பாலை வழித்து எடுத்துவிட்டு, சிமெண்ட் மட்டும் தெரிகிற இடத்தில் கைப்பிடிச் சிப்ஸ் தூவி மறுபடி உருட்ட வேண்டும். இந்த வேலை சோம்பலாகப் போனால், அரைத்த பிறகு திட்டுத் திட்டாக வெறும் சிமெண்ட் தெரியும். கல் நெருங்கி, மேற்பரப்பில் முக்கால் பங்குக்குக் குறையாமல் கல்லாகத் தெரிய வேண்டும்.

மறுநாளிலிருந்து தண்ணீர் கட்டி, ஏழு நாள் கழித்து மெஷின் வரும். முதல் அரைப்பு சொரசொரப்பான 60 நம்பர் அரைகல்லில். ஏழு நாளுக்கு முன் அரைத்தால் சிப்ஸ் வெட்டுப்படாமல் கலவையை விட்டுக் கழன்று வரும். ஓரிடத்தில் ஒரு நிமிடம் அரைத்துப் பார்த்து, சிப்ஸ் பெயர்ந்தால் மெஷினை நிறுத்தி இன்னும் மூன்று நாள் தள்ளிப் போடுங்கள். முதல் அரைப்பில் ஊசித் துளைகளும் சிறு பள்ளங்களும் தெரியவரும். தரையை நன்றாகக் கழுவி, அதே சிமெண்ட் அதே நிறத்தில் குழைத்துத் தேய்த்துத் துளைகளை அடைத்து, மறுபடி ஈரத்தில் நாலைந்து நாள். பிறகு 120 நம்பர் கல், மறுபடி துளை அடைப்பு, மறுபடி ஈரம். கடைசியாக 320 நம்பர். மெஷின்காரருக்கு ஒரே நாளில் மூன்று கல்லையும் ஓட்டிவிட்டுப் போவது லாபம். அப்படி ஓட்டினால் அன்றைக்குப் பளபளக்கும், ஆனால் துளைகள் திறந்தே இருக்கும், ஆறு மாதத்தில் அழுக்கு ஏறிக் கறுப்புப் புள்ளியாக நிற்கும். அதனால் மூன்று வருகைக்கும் தனித்தனியாகப் பேசி, பணத்தையும் அப்படியே பிரித்துக் கொடுங்கள். கலவை போட்ட நாளிலிருந்து வேலை முடிய நாலு வாரம் ஆகும்.

அரைக்கும்போது வரும் சேற்றுத் தண்ணீரைப் பாத்ரூம் குழாயில் தள்ள விடாதீர்கள். அதிலிருக்கும் சிமெண்ட் வளைவில் உட்கார்ந்து கல்லாகிவிடும். வாளியில் அள்ளி வெளியே காலி இடத்தில் கொட்டச் சொல்லுங்கள். சுவரிலும் தெறிக்கும், ஆகவே கடைசிக் கோட் பெயிண்ட் அரைப்பு முடிந்த பிறகு.

முடிவில் ஆக்சாலிக் ஆசிட் பொடி, சதுர மீட்டருக்கு 33 கிராம். ஹாலுக்கு அரை கிலோவுக்குச் சற்று அதிகம். தூவி, தண்ணீர் தெளித்து, கம்பளிக் கட்டையால் அழுத்தித் தேய்த்துக் கழுவினால் கல்லில் ஒளி எழும். பொடி விஷம், கையுறை இல்லாமல் தொடக் கூடாது, குழந்தைகள் பக்கம் வரக் கூடாது. மெழுகு பாலிஷ் தேவையென்றால் தரை முழுக்கக் காய்ந்த பின் மிக மெல்லியதாக. வயதானவர்கள் இருந்தால் மெழுகை விட்டுவிடுங்கள்.

இது ஏன் நிற்கிறது என்ற கேள்விக்கு இப்போது பதில் எளிது. பெரும்பாலான டைல்ஸில் நிறம் மேல் தோலில் இருக்கிறது, ஒவ்வொரு டைலும் தனித்தனியாக ஒட்டியிருக்கிறது. தோல் தேய்ந்தால் அதோடு சரி, அடியில் பசை பிடிக்காத டைல் ஒரு பாத்திரம் விழுந்ததும் உடையும். மொசைக்கில் 9 மில்லிமீட்டரும் ஒரே பொருள். முப்பது வருஷம் கழித்து மங்கினால் மெஷினை மறுபடி ஓட்டி ஒரு மெல்லிய அடுக்கை எடுத்தால் அடியில் அதே கல், அதே நிறம். ஆக்சைடு தரைக்கு அந்த வசதி இல்லை. அதன் நிறம் இரண்டு மில்லிமீட்டர்தான். அதைக் காப்பாற்றுவது நாம் செருப்பை வாசலில் விட்டு வெறுங்காலோடு நடக்கிற வழக்கம். செருப்பில் வரும் மணல்தான் அதற்கு உப்புத்தாள்.

இரண்டுக்கும் பொது எதிரி புளிப்பு. மார்பிளும் சிமெண்டும் சுண்ணாம்புச் சத்து உள்ளவை. புளிக்கரைசல், எலுமிச்சை, மோர் சிந்திக் காய்ந்தால் அந்த இடம் பளபளப்பை இழந்து வெளிறும். உடனே தண்ணீரால் துடைத்தால் ஒன்றும் ஆகாது. பாத்ரூம் ஆசிட்டை இந்தத் தரைகளில் ஒரு முறை ஊற்றினாலும் பளபளப்புக்குப் பட்ட பாடு அத்தனையும் போய்விடும். கிரகப்பிரவேசத்துக்கு முன் வீட்டைக் கழுவ வருகிறவர்கள் கையில் அந்தப் பாட்டில்தான் முதலில் இருக்கும், அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அன்றாடம் வெறும் தண்ணீர்த் துடைப்பே போதும். ஆக்சைடு தரைக்கு முதல் வருஷம் மாதம் ஒரு முறை, சில சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு அழுத்தித் துடைத்து, எண்ணெய்ப் பசை கையில் தெரியாத அளவுக்கு வேறொரு உலர்ந்த துணியால் எடுத்துவிடுங்கள்.

உங்கள் கொத்தனாரிடம் ரூமைக் கொடுப்பதற்கு முன், வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கிற இடத்தில் மூன்றுக்கு மூன்றடி ஒரு திட்டு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மேலே சொன்ன நேரப்படி, பத்து நாள் தண்ணீரோடு. சிமெண்ட் நிறம் ஈரத்தில் ஒன்றாகவும் காய்ந்த பின் வேறாகவும் தெரியும், அதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். அந்தத் திட்டில் மூன்று வாரத்தில் மயிரிழை வெடிப்பு வரவில்லை, நாணயத்தால் தட்டினால் கணீரென்கிறது என்றால், அதே கையையே ரூமுக்குள் விடலாம்.